நாலடிக்கு ஏழடி யுடிலிட்டி பால்கனி: மிஷினை மறைத்து, துணியை உலர்த்தி, துடைப்பத்துக்கும் இடம் ஒதுக்குவது எப்படி

மதுரையில் கடந்த சில ஆண்டுகளில் எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன பால்கனி இருக்கும். ஏறத்தாழ நாலடி அகலம், ஏழடி நீளம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவரும் அதன்மேல் கிரில்லும். வாஷிங் மிஷின், ஈரத்துணி, மாப், பக்கெட், பினாயில் என்று வீட்டின் அத்தனை ஈரச் சாமான்களும் இங்கேதான் வந்து சேரும். இந்த ஒரே அளவை எடுத்துக்கொண்டு, 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மிஷினை வைத்து, முதல் கோடு போடுவதிலிருந்து கடைசிக் கொக்கி மாட்டுவது வரை பார்ப்போம். உங்கள் பால்கனி அரையடி கூடுதலோ குறைவோ இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

முதலில் இடத்தைப் பிரிப்பது

பெரும்பாலான வீடுகளில் மிஷினை நீளச் சுவரில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அங்கே வைத்தால் 122 செ.மீ. அகலத்தில் மிஷினும் குழாயும் 70 செ.மீ.யை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 52 செ.மீ.யில் மிஷின் கதவையும் திறந்து, கூடையையும் வைத்து, குனிந்து துணி எடுக்க முடியாது. அதன் முன்னால் மறைப்புக் கதவும் வந்தால் நடக்கவே இடமில்லை.

மிஷின் போகவேண்டிய இடம் குறுக்குச் சுவர், அதாவது நாலடிச் சுவர். அந்த 122 செ.மீ. இப்படிப் பிரியும்: வீட்டுச் சுவரை ஒட்டி 70 செ.மீ. மிஷினுக்கு, நடுவில் நிற்கும் கல்லுக்கு 2 செ.மீ., கிரில் பக்கம் மிஞ்சும் 50 செ.மீ. துப்புரவுச் சாமான் அலமாரிக்கு. மிஷின் 60 செ.மீ. அகலம், இருபுறமும் ஐந்தைந்து செ.மீ. இடைவெளி. ஆழமும் 70 செ.மீ. போதும். 55 செ.மீ. மிஷின் உடல், பின்னால் குழாய் இணைப்புக்கு 7, முன்னால் மிஷின் கதவை லேசாகத் திறந்தே வைத்திருக்க 8. உங்கள் மிஷினின் ஆழம் 60 என்றால் மொத்தத்தை 75 ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த முன்பக்க 8 செ.மீ.யில் மட்டும் கைவைக்காதீர்கள். துவைத்து முடித்ததும் கதவை இறுக மூடிவிட்டால் ரப்பர் வளையத்தின் மடிப்பில் கரும்பூஞ்சை பிடிக்கும், அடுத்த தடவை துணியிலேயே அந்த வாடை வரும். மறைப்பைச் சாத்திய பிறகும் உள்ளே மிஷின் கதவு நாலு விரல் திறந்து நிற்க வேண்டும்.

இப்போது மிஷினுக்கு முன்னால் ஏறத்தாழ 140 செ.மீ. நீளம் முழுசாகக் காலியாக இருக்கிறது. துணி உலர்த்தும் இடம் அதுதான்.

தண்ணீர் ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம்

கட்டுகிறவர்கள் வழக்கமாகக் குழாயையும் பிளக்கையும் மிஷினுக்கு நேர் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். பைப் கசிந்தால் அறுபது எழுபது கிலோ மிஷினை இழுத்த பிறகுதான் குழாயை மூட முடியும். கசிகிற தண்ணீரும் பிளக்மேலேயே விழும். ஆகவே குழாயையும் கழிவுப் பைப்பையும் பக்கத்து 50 செ.மீ. அலமாரிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நடுக்கல்லின் பின்முனையில் 8 செ.மீ. வட்டத் துளை ஒன்று போட்டால் இரண்டு ஹோஸும் அதன் வழியே வந்துவிடும். பிளக் பாயின்ட் எதிர்ப்பக்கம், வீட்டுச் சுவரில், தரையிலிருந்து நாலரையடி உயரத்தில் வரட்டும். சாரல் அங்கே எட்டாது. குழாய் உடைந்தாலும் பீய்ச்சாது.

பிளக் 16 ஆம்பியர். வெந்நீரில் துவைக்கும் மிஷினில் ஹீட்டர் மட்டும் சுமார் 2000 வாட் இழுக்கும். அதற்குத் தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்புக்குள் அந்தச் சுற்று வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற பொருள் இது. எர்த் இல்லாத பாயின்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டவே கூடாது. பிளக்குக்கு மூடியுள்ள வெளிப்புறப் பெட்டி போடுங்கள்.

குழாய் இருவழிக் குழாயாக இருக்கட்டும். ஒரு வாய் மிஷினுக்கு, மறு வாய் மாப் பக்கெட் நிரப்ப. மேல்மாடி வீடுகளில் இதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஃப்ரன்ட் லோடு மிஷின்கள் பெரும்பாலும் 0.3 பார் அழுத்தமாவது எதிர்பார்க்கும், அதாவது குழாய்க்கு மேலே பத்தடி உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழ் வீட்டில் அது கிடைக்காமல் போகலாம். மிஷின் தண்ணீர் எடுக்க வெகுநேரம் திணறி, நடுவில் நின்று பிழை காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது ஹோஸ் முனையிலுள்ள சின்னச் சல்லடையில் மண் அடைத்திருக்கும். முதலில் சல்லடையைக் கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் அந்தக் குழாய்க்கு மட்டும் சின்ன பூஸ்டர் பம்ப் தேவைப்படும்.

கழிவுப் பைப்பில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ஃப்ரன்ட் லோடு மிஷினின் கழிவு ஹோஸைத் தரையில் போட்டு வடிகால் மூடியின் துளையில் சொருகிவிட்டால், மிஷின் ஒரு பக்கம் தண்ணீர் எடுக்க, மறு பக்கம் அது தானாகவே உறிஞ்சி வெளியேறிக்கொண்டிருக்கும். எடுப்பதும் விடுவதுமாக மணிக்கணக்கில் ஓடும். ஹோஸின் வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பை அலமாரி மூலையில் 75 செ.மீ. உயரத்துக்கு நட்டு நிறுத்தி, அதன் வாயில் ஹோஸின் கொக்கி வளைவை மாட்டுங்கள். வாயை டேப் சுற்றி அடைக்காதீர்கள், காற்று போக இடம் வேண்டும். பைப்பின் அடி நேரே சாக்கடைக் குழாயில் சேராமல், தண்ணீர் தேங்கி நிற்கும் தரை ட்ராப் வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் வாடையும் கரப்பானும் அதே வழியில் மேலே வரும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை: நட்ட பைப்பில் ஒரு பக்கெட் தண்ணீரை, 15 முதல் 20 லிட்டர், ஒரு நிமிடத்துக்குள் ஊற்றுங்கள். மிஷினின் பம்ப் தள்ளும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். தரை வடிகாலில் தண்ணீர் எதிர்த்து வந்தால் கீழே அடைப்பு இருக்கிறது, அல்லது பைப் சிறிது. இப்போதே சரிசெய்தால் கொத்தனாருக்கு அரைநாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் உடைக்க வேண்டும்.

தரையின் வாட்டம் ஏழடிக்கு ஓரங்குலம், அலமாரி மூலையை நோக்கி.

மேடை, கல், கதவு

மிஷின் நிற்க 10 செ.மீ. உயரத்தில் செங்கல் மேடை கட்டி, மேலே சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டுங்கள். தரை கழுவும் தண்ணீர் மிஷினின் அடிப்பாகத்துக்குள் போகாமல் இருக்கத்தான் இது. சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டு நகர்த்த வசதி என்று விற்கப்படுகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்று பிழியும் மிஷினை அதன்மேல் ஏற்றினால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. மேடையின் மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும், வாட்டமெல்லாம் மேடைக்கு வெளியே.

மறைப்புக்குச் சமையலறை வேலை செய்யும் ஆசாரி முதலில் சொல்வது பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பெட்டியாக இருக்கும். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இந்த இடத்துக்கு ஆகாது. அடியில் ஈரம் ஏறி, ஒரு மழைக்காலத்திலேயே விளிம்பு ஊதிப் பிரிந்துவிடும். நம் ஊரில் எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கும் கடப்பா கல்லே இங்கே சரியான பொருள். 2 செ.மீ. கனமுள்ள ஒரு கல் நடுத் தடுப்பாக நிற்கட்டும். இன்னொரு கல் சுவரில் ஓரங்குலக் காடி வெட்டிச் செருகி, தடுப்புக்கல்லின்மேல் உட்காரட்டும். மேடை 10, மிஷின் 85, இடைவெளி 3, கல் 2 என்று கூட்டினால் மேற்பரப்பு சரியாக 100 செ.மீ. உயரத்தில் வரும். நின்றபடி துணி மடிக்க வாகான உயரம். கல்லின் பாரம் துளிகூட மிஷின்மேல் இறங்கக் கூடாது. பிழியும்போது மிஷின் குலுங்கிக் கல்லிலோ தடுப்பிலோ இடித்தால் 'டம டம' என்று கீழ்வீடு வரை கேட்கும். இருபுறமும் விட்ட 5 செ.மீ. இடைவெளி அதற்காகவும்தான்.

கதவுக்கு அலுமினியச் சட்டமும், சாய்தகடு வைத்த லூவர் அடைப்பும். முழுசாக அடைத்த தகடு போட்டால் உள்ளே ஈரம் தங்கும். கதவின் கீழும் மேலும் ஐந்து செ.மீ. திறப்பு விடுங்கள். கீழ்த்திறப்புக்கு மட்டும் துருப்பிடிக்காத கம்பி வலை அவசியம். வெதுவெதுப்பான இருட்டு என்றால் எலிக்குப் பிடிக்கும், மிஷினின் அடியில் புகுந்து ஒயரையும் ரப்பர் ஹோஸையும் கடித்துவிடும். மிஷினின் முன்னே 35 செ.மீ. அகலத்தில் இரண்டு கதவு. தள்ளும் கதவு வேண்டாம், அது எப்போதும் பாதி வாயை மறைத்துக்கொண்டே இருக்கும். கீல்கள் தூக்கிக் கழற்றும் வகையாக இருந்தால், மிஷின் ரிப்பேருக்கு வெளியே வரவேண்டிய நாளில் கதவை மட்டும் எடுத்துவிடலாம், கல்லைத் தொட வேண்டாம். ஓடும் நேரமெல்லாம் மறைப்புக் கதவு திறந்தே இருக்கட்டும்.

கல்லின்மேல் இரண்டடி காலி விட்டு, 160 செ.மீ. உயரத்திலிருந்து 30 செ.மீ. ஆழத்தில் ஒரு மேலடுக்கு. சோப்புத்தூள், கிளிப், கம்ஃபர்ட் அங்கே.

கதவைப் பொருத்துவதற்கு முன் மிஷினை உள்ளே வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புது மிஷின் என்றால், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்புறம் மாட்டியிருக்கும் பயண போல்ட்டுகள் கழற்றப்பட்டனவா என்பதே முதல் கேள்வி. கழற்றாமல் ஓட்டினால் மிஷின் துள்ளிக் குதிக்கும், டிரம் தாங்கியும் கெட்டுப்போகும். அடுத்து மட்டப்பலகையை மிஷின் தலையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து நாலு காலையும் திருகிச் சரிசெய்து, ஒவ்வொரு காலின் பூட்டு நட்டையும் மேல்நோக்கி இறுக்குங்கள். குறுக்குமூலைகளில் மாற்றி மாற்றி அழுத்தும்போது லேசாக ஆடினால்கூட ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். நட்டு இறுகாத கால் ஒரு மாதத்தில் தானே இறங்கிவிடும், பிறகு மிஷின் மெல்ல நடக்கத் தொடங்கும்.

டாப் லோடு மிஷின் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் இரண்டு மாற்றம். மூடி மேல்நோக்கித் திறப்பதால் கல்மேடை வராது. மூடி முழுசாகத் திறந்து நிற்கும் உயரத்தை அளந்து அதற்குமேல்தான் அடுக்கு. பம்ப் இல்லாத டாப் லோடு மிஷின்களில் கழிவுநீர் சரிவில் தானாக இறங்குவது, ஆகவே அந்த ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். நட்ட பைப்பில் மாட்டினால் தண்ணீர் மேலே ஏறவே ஏறாது.

உலர்த்தும் இடம்

காலியாக விட்ட 140 செ.மீ.க்கு மேலே, கயிறு இழுத்து ஒவ்வொரு குழாயாக இறக்கும் ஆறு குழாய் ஹேங்கர். குழாய் நாலடி நீளம் போதும், ஐந்தடி வாங்கினால் இறக்கும்போது அலமாரிக் கதவில் முட்டும். குழாய்க்கும் குழாய்க்கும் 15 செ.மீ. இடைவெளி வைத்தால் ஆறு குழாயும் 75 செ.மீ.யில் அடங்கி, இருபுறமும் ஏறத்தாழ 23 செ.மீ. மிஞ்சும். கான்கிரீட் கூரையில் ஆங்கர் போல்ட் அடித்துத்தான் மாட்ட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல. 1200 சுற்றில் பிழிந்த 7 கிலோ துணியில் சுமார் 4 கிலோ தண்ணீர் இருக்கும். கையால் துவைத்து முறுக்கிப் போட்டது இதைவிட வெகுவாகக் கனக்கும்.

நாலடிக் குழாய்க்கு இன்னொரு நியாயமும் உண்டு. சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம், குழாயின் நீளத்தில் அப்படியே மடிப்பின்றி உட்காரும். ஒரு சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையை முதல் குழாயின்மேல் போட்டு மூன்றடி தொங்கவிடுங்கள். மறுபுறம் மூன்றடி இறக்கி, மேலே கொண்டுவந்து அடுத்த குழாயில் போடுங்கள். அதேபோல் மூன்றாவது குழாய். மூன்று குழாயில் இரண்டு முனையும் இரண்டு தொட்டிலுமாக ஏறத்தாழ 5.5 மீட்டர் போய்விடும், ஐந்தரை மீட்டர் சேலை அதில் முடிந்துவிடும். எந்த இடத்திலும் ஈரத்துணி ஈரத்துணியோடு ஒட்டாது, நடுவே காற்று ஓடும். ஆறு குழாயில் இரண்டு சேலை. கூரை பத்தடி, குழாய் ஒன்பதடிக்கு ஏறி நிற்கும் என்றால், மூன்றடி தொங்கியும் கீழே ஆறடி இடம் இருக்கும், தலையில் இடிக்காது. சமையலறைக் கதவு பால்கனிப் பக்கம் திறப்பதாக இருந்தால் மட்டும் அது துணியில் உரசும். கீலை மாற்றி உள்பக்கம் திறக்கச் செய்துவிடுங்கள்.

சட்டைகளை ஹேங்கரில் போட்டால் ஹேங்கர் குழாய்க்குக் குறுக்கே நிற்கும், அரையடி இடைவெளியில் பக்கத்துக் குழாயையும் மறைக்கும். அதனால் இரண்டாவது, ஐந்தாவது குழாய்களில் மட்டும் மாட்டுங்கள். அவற்றுக்கு நடுவே 45 செ.மீ. இருப்பதால் இரண்டு வரிசையும் மோதாது. நாலு விரல் இடைவெளியில் வரிசைக்குப் பத்துச் சட்டை வரை போகும். ஜீன்ஸைக் குழாயில் மடித்துப் போடுவதைவிட இடுப்பை மேலாக வைத்து, குழாய் மாதிரி விரித்துக் கிளிப் போட்டால் பைத்துணி சீக்கிரம் காயும்.

சித்திரை, வைகாசியில் நம் வெயிலுக்குத் துணி உலர்வது பிரச்சினையே இல்லை, நிறம் வெளுப்பதுதான் பிரச்சினை. மேற்குப் பார்த்த பால்கனியில் சுங்குடியையும் கறுப்பு, கருநீலத் துணிகளையும் உட்புறம் வெளியே வரத் திருப்பி, வீட்டுச் சுவரை ஒட்டிய குழாய்களில் போடுங்கள். கிரில் பக்கத்துக் குழாய்கள் துண்டுக்கும் வெள்ளை வேட்டிக்கும். ஆடிக் காற்றில் கிளிப் இல்லாமல் எதுவும் நிற்காது. பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் நொறுங்கிப்போகும் என்பதால் ஸ்டீல் கிளிப் வாங்குவது மேல். கிரில்லுக்குப் புறா வலை கட்டாமல் இந்த ஏற்பாட்டைச் செய்வதில் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. சாரலுக்குப் பயந்து கிரில் முழுவதையும் பி.வி.சி. திரையால் மூடிவிட்டால் துணியிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே சுற்றும், மறுநாளும் துணி ஈரமாகவே இருந்து நாறும். திரையின் மேலே ஓரடி, கீழே ஓரடி திறந்து விட்டு, வீட்டுச் சுவரில் ஒரு சுவர் ஃபேனை மாட்டித் துணியின் கீழ்ப்பாதியைப் பார்த்துத் திருப்பிவையுங்கள். தண்ணீர் கீழே இறங்கித் தேங்குவது விளிம்பில்தான். அந்த மாதங்களில் மிஷினில் பிழிதலை இன்னொரு முறை ஓட்டுவது ஃபேனைவிடவும் அதிகம் உதவும்.

துப்புரவு அலமாரி

50 செ.மீ. அகலம், 70 செ.மீ. ஆழம். இந்த ஆழம் முழுவதும் தட்டு அடித்துவிட்டால் பின்னால் போன டப்பா அடுத்த வெள்ளையடிப்புக்குத்தான் வெளியே வரும். தட்டுகளைப் பின்சுவரை ஒட்டி 30 செ.மீ. மட்டும் வையுங்கள், அதுவும் பைப்பும் குழாயும் முடிந்த 100 செ.மீ. உயரத்துக்கு மேலே. முன்னால் மிஞ்சும் 40 செ.மீ. முழு உயரத்துக்கும் காலி. பக்கச் சட்டத்தில் 140 செ.மீ. உயரத்தில் ஸ்டீல் கொக்கிகள் வரிசையாக. பூந்துடைப்பம், விளக்குமாறு, மாப், ஒட்டடைக் கம்பு எல்லாம் தொங்க வேண்டும். நிறுத்திவைத்த பூந்துடைப்பம் ஒரு பக்கம் வளைந்துவிடும், ஈர மாப் தரையில் நின்றால் அடி அழுகும். கீழே குழாய்க்கு நேராக மாப் பக்கெட். நிரப்புவதும் அங்கேயே, சிந்தினால் தரை ட்ராப்பும் அங்கேயே. கிரில் பக்கத்து அடைப்பு கம்பி வலையும் லூவருமாக இருந்தால் மாப் உள்ளேயே காய்ந்துவிடும்.

கழிப்பறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. பாட்டில் சாய்ந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைப்பான அலமாரியில் அது மூச்சை அடைக்கும் அளவுக்கு ஆபத்து. ஆசிட்டின் ஆவி மட்டுமே கீலையும், மிஷினின் தகட்டையும், ஸ்டீல் கொக்கியையும் அரித்துவிடும். ஆகவே ஆசிட்டை மட்டும் இந்த அலமாரியில் வைக்காமல், கழிப்பறையில் குழந்தைகள் கைக்கு எட்டாத, பூட்டுள்ள இடத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிறுத்திவையுங்கள். பினாயில், ப்ளீச்சிங் பவுடர், சோடா உப்பு இங்கே இருக்கலாம், பவுடர்கள் இறுக மூடிய டின்னில். சிறு குழந்தைகள் உள்ள வீடு என்றால் அலமாரிக் கதவின் மேல்முனையில் தாழ்ப்பாள்.

ஓட ஆரம்பித்த பிறகு

போர் தண்ணீர் வீடுகளில் சோப்புத்தூள் சரியாக நுரைக்காது. அந்தத் தண்ணீரின் உப்பால் ஹீட்டரில் வெள்ளைப் படிவு சேரும், நுரைக்காகத் தூளைக் கூட்டிக்கொண்டே போனால் டிரம்முக்குப் பின்னால் சோப்புக் கசடும் சேரும். வெந்நீர் சூடாக வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிப்பதும், கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு நிற்பதும் அதன் அடையாளம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவு நீக்கும் தூளைப் போட்டு, துணியில்லாமல் டப் க்ளீன் ஓட்டுங்கள். கஞ்சி போடும் துணிக்குக் கஞ்சியை வாளியில் கரைத்துக் கையாலேயே போடுவது நல்லது. மிஷினுக்குள் போனால் அது பம்ப் சல்லடையில் பசையாக நிற்கும். அந்தச் சல்லடை மிஷினின் முன்புறக் கீழ்மூலையில் இருக்கிறது. மேடை உயரம் இருப்பதால் ஒரு தட்டையான தட்டை அடியில் வைத்து மாதம் ஒருமுறை திறந்து வடித்துவிடலாம். வெளியூர் போகும்போது அலமாரியில் கைவிட்டு மிஷின் குழாயை மூடிவிட்டு, தரை ட்ராப்பில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். ட்ராப் வற்றினால் திரும்பி வரும்போது வீடு முழுக்கச் சாக்கடை வாடை வரும்.